பேதி மாத்திரை கொடுக்கும் முன் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

"வெளிக்குப் போகலை, வாந்தியா வருது" என்று யார் போய்ச் சொன்னாலும், எங்கள் ஊர் மெடிக்கல் ஷாப்புகளில் ஒரு பேதி மாத்திரையும் வாந்தி நிற்க ஒரு மாத்திரையும் கவரில் போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். வேறு எதையும் யாரும் கேட்பதில்லை. இதைக் கண்டித்தே எழுதுகிறேன்.

என் பெரியம்மாவுக்குப் பல வருடங்களுக்கு முன் கர்ப்பப்பையை எடுத்திருந்தார்கள். அண்மையில் ஒரு மாலை, தொப்புளைச் சுற்றி வலி சுருட்டிப் பிடித்தது, விட்டது, மறுபடி பிடித்தது. முதலில் சாப்பிட்டது வாந்தியாக வந்தது, பிறகு பச்சையாகப் பித்தம். காலையில் கொஞ்சம் மலம் போயிருந்ததால் கடைக்காரர் "வெறும் கேஸ்தான்" என்று சொல்லி மாத்திரை கொடுத்தார். விடிவதற்குள் வயிறு பானையாக உப்பிவிட்டது. காற்றுகூடப் பிரியவில்லை. விட்டு விட்டு வந்த வலி விடாத வலியானது. வயிற்றில் கை வைக்க விடவில்லை, நாடி படபடத்தது.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கே ஆபரேஷன் செய்த டாக்டர் பிறகு விளக்கினார். பழைய ஆபரேஷனின் தழும்புத் திசு, வயிற்றுக்குள் ஒரு பட்டைபோல் சிறுகுடலை இறுக்கியிருக்கிறது. சிறுகுடல் அடைப்புக்கு இதுவே மிகப் பொதுவான காரணமாம். ஆபரேஷன் முடிந்து எத்தனை வருடம் கழித்தும் இது வரலாம். அடைப்புக்குக் கீழே ஏற்கெனவே இருக்கும் மலம் வெளியே வரத்தான் செய்யும். அதை வைத்து அடைப்பு இல்லை என்று சொல்ல முடியாது. இந்த நிலையில் பேதி மாத்திரை கொடுத்தால் குடல் அடைப்பை எதிர்த்து இன்னும் வேகமாக முறுக்கும், கிழியவும் கூடும். பெரியம்மாவுக்கு இரத்த ஓட்டம் நின்று கறுத்துப்போன குடல் பகுதியை வெட்டி எடுத்துத் தைத்தார்கள். பிழைத்துவிட்டார்.

அடைப்பு எல்லாவற்றுக்கும் கத்தி வைக்க வேண்டியதில்லை. நேரத்தோடு போனால், வாய்வழி எதுவும் கொடுக்காமல், மூக்கு வழியாக வயிற்றுக்குக் குழாய் விட்டு, டிரிப் ஏற்றியே பல தழும்பு அடைப்புகளைச் சரிசெய்துவிடுகிறார்கள். வலி விடாமல் இருப்பது, காய்ச்சல், வேகமான நாடி, தொட்டால் துடிப்பது, இடுப்பு மடிப்பில் வலியோடு உள்ளே போகாத குடலிறக்க வீக்கம் ஆகியவை குடல் இரத்தமின்றி நெரிபடுவதைக் காட்டலாம். அப்போது ஒரு மணி நேரம்கூடப் பெரிது.

மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கு என் கோரிக்கை இதுதான்: வாந்தியும் வயிற்று உப்புசமும் சேர்ந்த மலச்சிக்கலுக்குப் பேதி மருந்து விற்கக் கூடாது என்று கடைகளுக்கு எழுத்தில் உத்தரவிடுங்கள். வயிற்று ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது, இந்த அறிகுறிகளை டிஸ்சார்ஜ் சீட்டில் தமிழில் அச்சிட்டுத் தர மருத்துவமனைகளுக்குச் சுகாதாரத் துறை ஆணையிட வேண்டும். அதுவரை, வாசகர்களே, இப்படி ஒரு வலி வந்தால், எதையும் சாப்பிடக் கொடுக்காமல் 108-ஐ அழையுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, மன்னார்குடி