வேலையை விட்டுப் போன பையனும் வைஃபை பாஸ்வேர்டும்

புனேயில் எங்கள் பக்கம் நல்லெண்ணெயும் அப்பளமும் வாங்க ஒரே கடைதான். நெல்லைக்கார அண்ணாச்சி கடை. போன மாசம் அரிசி வாங்கப் போனவனைப் பிடித்து உட்கார வைத்துவிட்டார். "தம்பி, ஒரு பையன் நின்னுட்டான். வைஃபை பாஸ்வேர்டை மாத்தணுமா?"

மாத்தணும் என்றேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. முன்பு ஒருமுறை மாற்றினாராம், அதுவும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். பில் போடும் டேப்லெட், பில் அச்சடிக்கும் பிரிண்டர் எல்லாம் ஒரே நேரத்தில் படுத்துவிட்டன. டேப்லெட்டில் புது பாஸ்வேர்டு போட்டாயிற்று. பிரிண்டருக்குத் திரையே கிடையாதே, எங்கே போய்ப் போடுவது? வரிசை வாசல் வரை நின்றது. துண்டுச் சீட்டில் கணக்கெழுதி சமாளித்தாராம். அதற்குப் பிறகு மூன்று பேர் வேலையை விட்டுப் போயும் அவர் மாற்றவே இல்லை!

என் கட்சி இதுதான் மக்களே: பாஸ்வேர்டை மாற்றினால் கல்லா நிற்கும் என்றால் யாரும் மாற்ற மாட்டார்கள். சோம்பல் இல்லை, பயம். கல்லாவும் பையன்கள் போனும் ஒரே பாஸ்வேர்டில் இருப்பதுதான் தப்பு.

அன்று ராத்திரி கடை அடைத்தபின் உட்கார்ந்தோம். பழைய பெயரைத் தொடவில்லை. நிறைய ரவுட்டர்களில் ஒன்றுக்கு மேற்பட்ட வைஃபை பெயர் வைக்கலாம். அதில் Kadai-Bill என்று புதிதாக ஒன்று உண்டாக்கி, வேறு பாஸ்வேர்டு வைத்தோம். பழையது உயிரோடு இருப்பதால், ஏதாவது சொதப்பினால் திரும்பிப் போக வழி இருக்கிறது. புதுப் பெயர் 2.4 கிகாஹெர்ட்ஸில் இருக்க வேண்டும், பாதுகாப்பு WPA2 ஆக இருக்க வேண்டும். இந்த மாதிரி பிரிண்டர்கள் பலவற்றுக்கு 5 கிகாஹெர்ட்ஸும் தெரியாது, WPA3-யும் தெரியாது.

முதலில் பிரிண்டர். யுஎஸ்பி வயரில் கம்ப்யூட்டரோடு இணைத்து, அந்தக் கம்பெனி தரும் செட்டிங் மென்பொருளில் புதுப் பெயரையும் பாஸ்வேர்டையும் ஏற்றினோம். பிறகு காகிதம் தள்ளும் பொத்தானை அழுத்தியபடி ஆன் செய்தால், அது எந்த வைஃபையில் இருக்கிறது, ஐபி எண் என்ன என்று தானே ஒரு சீட்டு அடித்துத் தந்தது. அடுத்து டேப்லெட்.

இங்கே நான் அசடு வழிந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். டேப்லெட்டில் இன்டர்நெட் ஓடுகிறது, சிக்னல் முழுசாக இருக்கிறது, பில் மட்டும் அச்சாகவில்லை. அரை மணி நேரம் பிரிண்டரைத் திட்டினேன். கடைசியில் பார்த்தால், புதுப் பெயரை உண்டாக்கும்போது 'Guest' என்ற டிக்கை நான்தான் விட்டுவைத்திருக்கிறேன். பல ரவுட்டர்களில் விருந்தாளி வைஃபையில் ஒரு கருவி இன்னொன்றைப் பார்க்க முடியாது. டிக்கை எடுத்ததும் பில் வந்தது :-)

மூன்று பில் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் பழைய பெயரின் பாஸ்வேர்டை மாற்றினேன். காலையில் பையன்கள் போனில் மட்டும் புதுசு போட்டால் போதும். யுபிஐ ஒலிபெருக்கி சொந்த சிம்மில் ஓடுவதால் அதற்கு ஒன்றும் ஆகவில்லை.

உங்கள் ரவுட்டர் விருந்தாளிப் பெயர் ஒன்றை மட்டும்தான் தரும் என்றால், அதைப் பையன்களுக்குக் கொடுங்கள். முதன்மைப் பெயரைக் கல்லாவுக்கு வைத்து, பாஸ்வேர்டை ஒரே ஒரு ராத்திரி உட்கார்ந்து மாற்றிவிடுங்கள். அதற்குமேல் ஒரு நிபந்தனைதான்: கல்லா பாஸ்வேர்டை எந்தப் பையன் போனிலும் போடக் கூடாது. "என் போன்ல நெட் வரலை" என்று ஒருநாள் போட்டுக் கொடுத்தால், அவன் போனிலிருந்து க்யூஆர் கோடாக மற்றவர்களுக்கும் போய்விடும். பட்ட பாடெல்லாம் வீண்.

அண்ணாச்சிக்கு இன்னொரு உறுத்தலும் இருந்தது. "நல்ல பையன் தம்பி, சந்தேகப்படுற மாதிரி ஆயிடாதா?" எனக்கு நேர்மாறாகத்தான் படுகிறது. சாவியைத் திருப்பி வாங்குவது அவமானமா என்ன? நாளைக்குக் கணக்கில் ஏதாவது இடித்தால், பாஸ்வேர்டு தெரிந்த பழைய பையன் மேல்தான் முதல் சந்தேகம் விழும். ஊர் விட்டு ஊர் வந்து பிழைக்கிற பையனுக்கு அந்தப் பேர் வேண்டாமே. மாற்றுவது அவனுக்கும் பாதுகாப்பு.

போன வாரம் இன்னொரு பையன் ஊருக்குப் போய்விட்டான். அண்ணாச்சியே மாற்றிவிட்டாராம், மத்தியான வியாபாரத்துக்கு நடுவில்.