சுவரில் உள்ள படத்தை விடுங்கள், டின்னில் உள்ள நெகட்டிவை எடுங்கள்



பழைய குடும்பப் படமொன்றை வட்ஸ்அப்பில் போட நினைத்தால், நாம் சுவரில் தொங்கும் ஃபிரேமைப் போனால் எடுத்து அனுப்பிவிடுகிறோம். அதன் நெகட்டிவோ பிஸ்கட் டின்னில் கிடந்து, வீடு துப்புரவாக்கும் நாளில் குப்பைக்குப் போகிறது. இது பெரிய தவறு என்பது எங்கள் கருத்து.

பசறைப் பக்கத் தோட்டமொன்றிலிருந்து வரும் எமது மாணவி ஒரு கறுப்பு வெள்ளை நெகட்டிவைக் கொண்டுவந்தாள். லயத்துச் சுவரில் இருக்கும் படத்தில் அவளுடைய தாத்தா, அப்பாயி, இரண்டு பிள்ளைகள் மட்டுமே. நெகட்டிவில் ஓரமாக இன்னொரு பெண்ணும் நிற்கிறார். ஃபிரேமுக்கு அடங்கவில்லை என்று அவரை வெட்டிவிட்டிருக்கிறார்கள். அவர் அப்பாயியின் தங்கை. 525,000 பேரை இந்தியாவுக்கென்று ஒதுக்கிய 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் போனவர். அவருடைய முகம் அந்த வீட்டில் வேறெங்கும் இல்லை.

நாங்கள் அதை வீட்டு மேசையிலேயே எடுத்தோம். அறையை இருட்டாக்கி, ஒரு டெப்பில் வெறும் வெள்ளைப் படத்தைத் திறந்து வெளிச்சத்தை முழுதாகக் கூட்டினோம். முதலில் நெகட்டிவைத் திரையிலேயே வைத்தோம். படம் முழுக்கச் சிறு சிறு புள்ளிகள் விழுந்தன. அவை திரையின் புள்ளிகள். ஃபிரேம் கண்ணாடியொன்றைத் திரைக்கு மேலே மூன்று சென்ரிமீற்றர் உயர்த்தி, அதில் நெகட்டிவை வைத்ததும் அவை மறைந்தன. சுற்றியுள்ள வெளிச்சம் படத்தை வெளிறச் செய்யாதிருக்க, நெகட்டிவ் அளவுக்கு நடுவில் வெட்டிய கறுப்பு மட்டையை மேலே வைத்தோம். பளபளப்பான பக்கம் போனைப் பார்க்க வேண்டும். மாறினால் இடம் வலமாகிவிடும். போனை மிகக் கிட்டே கொண்டுபோனால் படம் தெளியாது. ஆகவே இருபுறமும் புத்தகங்களை அடுக்கி, அதன்மேல் போனை வைத்து, சற்று ஸூம் செய்து, கை படாமல் டைமரில் எடுத்தோம்.

பிறகு Snapseed செயலியில் Curves திறந்து, கோட்டின் இடது முனையை மேலேயும் வலது முனையை கீழேயும் இழுத்தால் முகம் தெரியவரும். கலர் நெகட்டிவ் இப்படி மாற்றினால் நீலம் பாயும். அதன் செம்மஞ்சள் அடித்தளமே காரணம். நிறத்தைச் சரிசெய்ய முடியாவிட்டால் கறுப்பு வெள்ளையாக்கிவிடலாம். ஸ்லைட்டை மாற்றவே தேவையில்லை.

போனில் எடுத்துவிட்டோம் என்று நெகட்டிவை வீசிவிடாதீர்கள். நாளை இதைவிட நல்ல கெமராவில் எடுக்கலாம். எமது மலைநாட்டு ஈரத்தில் பூஞ்சணம் பிடித்திருந்தால் தண்ணீரில் கழுவாமல், மெல்லிய தூரிகையால் மட்டும் தட்டுங்கள். வினாகிரி வாடை வந்தால் ஃபிலிம் அழியத் தொடங்கிவிட்டது; அதை வேறாக வைத்து, முதலில் அதையே எடுங்கள். பொலித்தீன் வேண்டாம், கடதாசி உறை போதும்.

அந்த உறையின்மேல் யார் யார் என்று எழுதுங்கள். ஓரத்தில் நின்றவரின் பெயர் எமது மாணவியின் அப்பாயிக்கு மட்டுமே தெரிந்திருந்தது.