கன்சல்டன்ட் என்று பெயர் வைத்தால் கூலி குறையுமா?



கூலியாளின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது என்று மேடைதோறும் பெருமையுடன் கூறுகிறோம். ஆனால் நம் சமூகத்தார் நடத்தும் ஏற்றுமதி அலுவலகங்கள், மருத்துவமனைகள், பள்ளிகள், மென்பொருள் நிறுவனங்கள் பலவற்றில் ஒரு வழக்கம் சத்தமின்றி வேரூன்றியிருக்கிறது. காலை ஒன்பதரை மணிக்கு விரல்ரேகை வைத்து உள்ளே வந்து, மாலை ஆறரைக்கு வெளியேறும் ஒருவர், ஏட்டில் மட்டும் ஊழியர் அல்லர், "கன்சல்டன்ட்". அவர் பெறுவது சம்பளமன்று, "தொழில்முறைக் கட்டணம்". பிற சமூகத்தாரின் நிறுவனங்களிலும் இது உண்டு. நாம் நம்மவர்களிடம் பேசுவதற்குக் காரணம், இதற்கு மார்க்கத்தின் பெயரால் நியாயம் கற்பிப்பவர்கள் நம்மவர்களே என்பதுதான்.

பேச்சு பொதுவாகப் போகாதிருக்க, நடப்பிலுள்ள பலரின் நிலையைக் கொண்டு ஒரு மாதிரிக் கணக்கைப் பார்ப்போம். சென்னை பெரியமேட்டில் தோல் ஏற்றுமதி செய்யும் ஓர் அலுவலகம். நாற்பது பேர் வேலை செய்கிறார்கள். கணக்குப் பிரிவில் உள்ள ஓர் இளைஞருக்கு மாதம் 20,000 ரூபாய். கன்சல்டன்ட் என்பதால் அதில் பத்து விழுக்காட்டை வருமான வரியாகப் பிடித்துக்கொண்டு 18,000 ரூபாயைக் கையில் தருகிறார்கள். ஆண்டு வருமானம் 2,40,000 ரூபாய்தான். வேறு வருமானம் இல்லையெனில் அவர் வரியே கட்ட வேண்டியதில்லை. பிடித்த பணத்தைத் திரும்பப் பெற வருமான வரிப் படிவம் தாக்கல் செய்ய வேண்டும். அது தெரியாமல் ஆண்டுக்கு 24,000 ரூபாயை அப்படியே விட்டுவிடுகிற பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

அவரையே முறைப்படி ஊழியராகச் சேர்த்திருந்தால்? அடிப்படை ஊதியம் 15,000, வாடகைப்படி 5,000 என்று கொள்வோம். வருங்கால வைப்பு நிதிக்கு, அதாவது பி.எஃப்.புக்கு, அவர் பங்கு 1,800 ரூபாய், ஈ.எஸ்.ஐ.க்கு 150 ரூபாய். கையில் வருவது 18,050. "கன்சல்டன்டாக இருந்தால் கையில் கூடுதலாக வரும் தம்பி" என்று ஆசை காட்டியது எங்கே போயிற்று? ஐம்பது ரூபாய் குறைவாகத்தான் வந்திருக்கிறது.

மிச்சம் கண்டவர் முதலாளி. அவர் செலுத்தியிருக்க வேண்டிய பி.எஃப். பங்கு மாதம் 1,800 ரூபாய், ஈ.எஸ்.ஐ. பங்கு 650 ரூபாய். பணி முடிந்து போகும்போது ஆண்டுக்குப் பதினைந்து நாள் ஊதியம் என்ற கணக்கில் தர வேண்டிய பணிக்கொடை, அதாவது கிராஜுவிட்டி, ஓராண்டுக்கு ஏறத்தாழ 8,650 ரூபாய். இளைஞர் ஆறு ஆண்டுகள் வேலை செய்தார் என்றால், இம்மூன்றும் சேர்ந்து இரண்டேகால் லட்சம் ரூபாயைத் தாண்டும். ஒரு சொல்லை மாற்றி எழுதியதற்குக் கிடைத்த ஆதாயம் இது.

இனி ஆறாம் ஆண்டில் அவருக்கு நெஞ்சுவலி வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஈ.எஸ்.ஐ. இருந்திருந்தால் சிகிச்சைக்கு அதன் மருத்துவமனை இருந்திருக்கும். வேலைக்கு வர இயலாத நாள்களுக்கு, தொண்ணூற்றொரு நாள் வரை, ஊதியத்தில் எழுபது விழுக்காடு வந்திருக்கும். இரண்டும் இல்லை. வேலைக்கு வராத நாளுக்குக் "கட்டண"மும் இல்லை. உடன் வேலை செய்வோர் வாட்ஸ்அப்பில் வசூல் செய்கிறார்கள். முதலாளி ஹாஜியார் இளகிய மனம் படைத்தவர்; தம் ஜகாத்திலிருந்து 25,000 ரூபாய் எடுத்துக் கொடுத்தனுப்புகிறார். வீட்டார் கண்ணீர் மல்க துஆ செய்கிறார்கள். உரிமையாக வந்து சேர்ந்திருக்க வேண்டிய பணத்தில் ஒரு சிறு பகுதி, தர்மமாக, கையேந்த வைத்த பிறகு வருகிறது. நம்மைக் கொதிக்க வைப்பது இந்த இடம்தான்.

இதற்குச் சொல்லப்படும் நியாயங்களுள் முதன்மையானது: "பி.எஃப். வட்டி சம்பந்தப்பட்டது. ஹராமில் நம் பிள்ளைகளை இழுத்துவிட வேண்டாமென்றுதான் கன்சல்டன்டாக வைத்திருக்கிறோம்." பேணுதல் போலத் தோன்றும் இந்த வாதத்தைச் சற்று நிதானமாகப் பார்ப்போம். முதலாளி செலுத்தும் 1,800 ரூபாய் வட்டியா? இல்லை. அது வேலைக்கான பிரதிபலனில் ஒரு பகுதி. அதன்மேல் பிறகு சேர்க்கப்படும் தொகையைப் பற்றித்தான் ஆலிம்களிடையே பேச்சு. கட்டாயப் பிடித்தத்தின்மேல் அரசு சேர்ப்பது ரிபா ஆகாது என்போரும் உண்டு, ஒதுங்குவதே பேணுதல் என்போரும் உண்டு. ஒதுங்க விரும்புகிறவருக்குச் சட்டமே வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. 1952ஆம் ஆண்டு வைப்பு நிதித் திட்டத்தின் 60ஆம் பத்தியில், வட்டி வேண்டாம் என்று உறுப்பினர் ஆணையருக்கு எழுத்தில் தெரிவித்தால் அவர் கணக்கில் வட்டி சேர்க்கப்படாது என்ற விதி உள்ளது. ஆக, வட்டியை மறுக்கும் உரிமை ஊழியருடையது. வட்டியைக் காரணம் காட்டி அசலையே தம் பையில் வைத்துக்கொள்ளும் உரிமையை முதலாளிக்கு எந்த ஃபிக்ஹ் நூல் கொடுத்தது? உண்மையிலேயே வட்டிக்கு அஞ்சியவராக இருந்தால், மாதந்தோறும் அந்த 1,800 ரூபாயையாவது ஊழியர் கையில் கூடுதலாகக் கொடுத்திருப்பாரே! அப்படிக் கொடுத்தாலும் சட்டக் கடமை தீராது. ஆனால் எண்ணமாவது தெரிந்திருக்கும்.

இரண்டாவது நியாயம், "அவரே சம்மதித்துக் கையெழுத்துப் போட்டார்" என்பது. இதற்கு மறுமொழி நம் ஃபிக்ஹிலேயே இருக்கிறது. இஜாரா பாடத்தில் கூலிக்கு அமர்த்தப்படுபவரை இரு வகையாகப் பிரித்திருக்கிறார்கள். ஒருவர் அஜீர் முஷ்தரக்: ஊராருக்கெல்லாம் துணி தைத்துத் தரும் தையற்காரர், சாயம் தோய்ப்பவர் போன்றோர். வேலையை முடித்துக் கொடுத்தால் இவருக்குக் கூலி. மற்றவர் அஜீர் காஸ்: தம் நேரத்தை ஒருவருக்கென்று ஒப்படைத்தவர். குறித்த நேரத்தில் வேலைக்கு ஆயத்தமாக வந்து நின்றுவிட்டாலே, முதலாளி வேலை கொடுக்காவிட்டாலும், கூலிக்கு உரியவராகிறார். இவ்விருவரையும் பிரிப்பது பட்டப் பெயரன்று. நேரம் யாருடைய பிடியில் இருக்கிறது என்பதே. ஒப்பந்தங்களில் சொற்களையும் வடிவங்களையும் பாராமல் நோக்கத்தையும் பொருளையும் பார்க்க வேண்டும் என்பது, உஸ்மானிய ஆட்சியில் தொகுக்கப்பட்ட மஜல்லாவின் மூன்றாம் விதி. ஒன்பதரை முதல் ஆறரை வரை ஒருவருக்கே கட்டுப்பட்டவரை, ஊருக்கெல்லாம் வேலை செய்பவர் என்று தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குவது அந்த விதியின்முன் நிற்குமா?

நாட்டின் நீதிமன்றமும் ஏறக்குறைய இதே வழியில்தான் சென்றிருக்கிறது. சில்வர் ஜூபிலி டெய்லரிங் ஹவுஸ் வழக்கில் 1973இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தத் தையற்காரர்களுக்குத் துண்டுக் கூலி. வரவும் போகவும் கட்டாய நேரமில்லை. சில வேளை துணியை வீட்டுக்கு எடுத்துச் சென்றும் தைத்தார்கள். ஆயினும் தையல் எந்திரம் கடைக்காரருடையது. தையல் சரியில்லையென்றால் பிரித்துத் தைக்கச் சொல்லும் அதிகாரமும் அவருடையது. அவர்கள் ஊழியர்களே என்று நீதிமன்றம் முடிவு செய்தது. இத்தனை சுதந்திரம் பெற்றிருந்த தையற்காரரே ஊழியர் என்றால், ஜும்ஆவுக்குப் போய்வரக்கூட அனுமதி கேட்டு நிற்கும் நம் கணக்கர் யார்? சட்டம் கொடுத்த பி.எஃப்., பணிக்கொடை உரிமைகளை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு இழந்துவிட முடியாது என்பதையும் முதலாளிகளின் ஆடிட்டர்கள் நன்கறிவார்கள்.

உண்மையான கன்சல்டன்ட் இல்லாமலில்லை. நான்கு நிறுவனங்களுக்குக் கணக்குப் பார்ப்பவர், தம் கணினியில் தம் நேரத்தில் வேலை செய்து பில் அனுப்புபவர், தாம் வர இயலாத நாளில் தம் உதவியாளரை அனுப்பக்கூடியவர், அடுத்த மாதம் கட்டணத்தை உயர்த்துவேன் என்று சொல்லக்கூடியவர். அவருக்கு பி.எஃப். தரவில்லையென்று எவரையும் நாம் குறை சொல்லவில்லை. ஐயம் வந்தால் நம் பிள்ளைகள் தம்மையே கேட்டுக்கொள்ளலாம்: எனக்குப் பதிலாக இன்னொருவரை அனுப்ப முடியுமா? வேறிடத்தில் வேலை எடுத்தால் கேள்வி வருமா? விடுப்புக்கு அனுமதி கேட்க வேண்டுமா? முதல் கேள்விக்கு "முடியாது" என்றும், மற்ற இரண்டுக்கும் "ஆம்" என்றும் விடை வருமானால், அவர் பெரும்பாலும் ஊழியரே.

பெற்றோர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். சம்பந்தம் பேசும்போது மாப்பிள்ளையின் சம்பளத்தைக் கேட்கிறோம்; அது சம்பளமா கட்டணமா என்று கேட்பதில்லை. ஆண்டு முடிவில் நிறுவனம் தந்தது ஊதியத்துக்கான வரிப் பிடித்தச் சான்றா, கட்டணத்துக்கான வரிப் பிடித்தச் சான்றா என்று பார்த்தாலே போதும், விஷயம் விளங்கிவிடும். வேலைக்குப் போகும் பெண் பிள்ளைகளுக்கு இது இன்னும் முக்கியம். ஊழியராக இருப்பவருக்கு முதலிரு பேறுகளுக்கு இருபத்தாறு வாரம் ஊதியத்துடன் விடுப்பு உண்டு. கன்சல்டன்ட் என்று எழுதப்பட்டவரிடம் "பிரசவம் முடிந்து வாருங்கள், இடமிருந்தால் பார்ப்போம்" என்கிறார்கள். அடையாள அட்டை, வருகைப் பதிவு, விடுப்புக் கேட்டு அனுப்பிய செய்திகள், மாதந்தோறும் ஒரே தொகை வந்ததைக் காட்டும் வங்கிக் கணக்கு ஆகியவற்றைப் பத்திரப்படுத்துங்கள். வைப்பு நிதி அலுவலகத்தில் முறையிட்டால், விசாரணையில் எடுத்துக்காட்ட வேண்டியவை இவைதாம்.

திருந்த விரும்பும் முதலாளிகள் இம்மாதத்திலிருந்து முறைப்படி சேர்ப்பதோடு நின்றுவிடக் கூடாது. சென்ற ஆண்டுகளின் பாக்கி இருக்கிறது. அன்று ஊதியத்தில் பிடிக்காமல் விட்ட ஊழியர் பங்கை இன்று அவர் ஊதியத்திலிருந்து பிடிக்கச் சட்டம் இடம் கொடுப்பதில்லை. இரண்டு பங்கையும் முதலாளியே செலுத்த வேண்டும். ஈ.எஸ்.ஐ.யின் சிகிச்சையைப் பின்னோக்கிப் பெற இயலாது. ஆகவே அந்த ஆண்டுகளில் ஊழியர் தம் கையிலிருந்து கட்டிய மருத்துவமனை பில்களைக் கேட்டு வாங்கி ஈடு செய்வதே முறை. இதை வரும் ரமளானின் ஜகாத் கணக்கில் சேர்த்து நேர் செய்துவிடலாம் என்று எவரும் எண்ண வேண்டாம். கொடுக்க வேண்டிய கூலியை ஜகாத்தாகக் கொடுத்தால் கூலியும் தீராது, ஜகாத்தும் நிறைவேறாது. அதைக் கடன் என்ற தலைப்பில், ஊழியரின் பெயருக்கு நேரே எழுத வேண்டும்.