பிரமிடு சொன்னதை அடித்த சிவப்பு மை

மனப்பாடமாக எழுதிய விடைக்கு மதிப்பெண்ணும், படத்தைப் பார்த்து எழுதிய விடைக்குச் சிவப்பு மையும் கிடைத்தால் அந்தப் பிள்ளை அடுத்த முறை படத்தைப் பார்க்கவே மாட்டாள். மக்கள்தொகைப் பிரமிடு கேள்விக்கு இப்படித்தான் நடக்கிறது.

கல்வராயன் மலையிலிருந்து வந்து கள்ளக்குறிச்சியில் தங்கிப் படிக்கும் ஒரு மாணவியின் மாதிரித் தேர்வுத் தாள் என் கைக்கு வந்தது. இந்தியாவின் 2011 கணக்கெடுப்புப் பிரமிடு. இடப்பக்கம் ஆண்கள், வலப்பக்கம் பெண்கள். அவள் மூன்று வாக்கியங்கள் எழுதியிருந்தாள். "0-4 வயதில் பெண் குழந்தைகளே அதிகம்." "0-4 வயதினர் மக்கள்தொகையில் 4.8 சதவீதம்." "அடிப்பகுதி சுருங்குகிறது, அதனால் பிறப்பு குறைந்து வருகிறது." முதல் இரண்டுக்கும் 'சரி' போட்டிருந்தார்கள். மூன்றாவதை அடித்துவிட்டு, 'அகன்ற அடிப்பகுதி, அதிகப் பிறப்பு விகிதம்' என்று விடைக்குறிப்பில் உள்ளதை எழுதியிருந்தார்கள். உண்மையில் முதல் இரண்டும் தவறு, மூன்றாவதுதான் சரி.

முதல் வாக்கியத்தில் பக்கம் மாறிவிட்டது. அந்தக் கணக்கெடுப்பில் 0-4 வயதில் ஆண் குழந்தைகள் சுமார் 5.86 கோடி, பெண் குழந்தைகள் 5.42 கோடி. பக்கம் மாறியிருப்பதைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி உண்டு. பெரும்பாலான நாடுகளில் ஆண் குழந்தைகள் சற்று அதிகமாகப் பிறக்கின்றன. முதுமையில் எஞ்சி நிற்பவர்களில் பாட்டிகளே அதிகம். விடை இதற்கு நேர்மாறாக இருந்தால் முதலில் படத்தின் தலைப்பைப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது வாக்கியத்தில் சிக்கல் அளவுகோல். 4.8 என்பது இடப்பக்கப் பட்டை மட்டும். வலப்பக்கம் ஏறக்குறைய 4.5. இரண்டையும் கூட்டினால்தான் அந்த வயதினரின் பங்கு, 9.3 சதவீதம், கிடைக்கும். ஆனால் எல்லாப் பிரமிடுகளையும் இப்படிக் கூட்டக் கூடாது. சில படங்களில் ஆண்களை ஆண்களின் மொத்தத்திலும், பெண்களைப் பெண்களின் மொத்தத்திலும் சதவீதமாக்கியிருப்பார்கள். அப்போது இதே குழந்தைகள் 9.4, 9.2 என்று தெரிவார்கள். ஆண்-பெண் எண்ணிக்கை வித்தியாசமே மங்கிவிடும். எந்த வகை என்று தெரிய ஒரு பக்கத்துப் பட்டைகளை எல்லாம் கூட்டிப் பாருங்கள். நூறு வந்தால் தனித்தனி மொத்தம். ஆண்கள் பக்கம் 51.5-க்கு அருகில் வந்தால் நாட்டின் முழு மக்கள்தொகையில் கணக்கிட்டது.

மூன்றாவது வாக்கியத்துக்கு வயதுப் பிரிவுகளைக் கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும். 0-4 வயதினர் 9.3 சதவீதம், 5-9 வயதினர் 10.5, 10-14 வயதினர் 11. கீழே போகப் போகக் குறைகிறது. கணக்கெடுப்பு நாள் 2011 மார்ச் 1. ஆகவே 10-14 வயதினர் 1996 மார்ச்சுக்கும் 2001 பிப்ரவரிக்கும் இடையில் பிறந்தவர்கள். 0-4 வயதினர் 2006 மார்ச்சுக்குப் பின் பிறந்தவர்கள். கைக்குழந்தைகள் கணக்கில் கொஞ்சம் விடுபடுவது உண்டு என்றாலும், படம் காட்டும் போக்கு பிறப்பு குறைவதே.

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு வயதைப் பிறந்த ஆண்டாக மாற்றிப் பார்ப்பது பழக்கம். பிரான்சு நாட்டுப் பிரமிடில் வயதோடு பிறந்த ஆண்டும் போட்டிருப்பார்கள். முதல் உலகப் போர்க் காலத்தில் பிறந்தவர்களின் இடத்தில் முன்பெல்லாம் பெரிய பள்ளம் தெரிந்தது. அது குழந்தைகள் இறந்ததால் மட்டும் வந்ததல்ல. தகப்பன்மார் போர்முனையில் இருந்ததால் குழந்தைகள் பிறக்காததே முக்கியக் காரணம். பிறந்த ஆண்டைப் போட்டால்தான் அது விளங்கும்.

என் கருத்து இதுதான். படத்தைப் படித்ததற்கு ஒரு மதிப்பெண், கணக்கிட்டதற்கு ஒன்று, முடிவுக்கு ஒன்று என்று பிரித்துப் போடுங்கள். பக்கம் மாறியதற்கு ஒரு முறை குறைத்தால் போதும். அதன்மேல் அவள் ஒழுங்காகக் கட்டிய கணக்குக்கும் சேர்த்துத் தண்டிக்க வேண்டாம். விடைக்குறிப்புக்கும் படத்துக்கும் முரண் வந்தால் படத்துக்கே மதிப்பு.

இன்னொன்று. நம் மாவட்டம் 2019 நவம்பரில்தான் விழுப்புரத்திலிருந்து பிரிந்தது. 2011-இன் விழுப்புரம் பிரமிடை எடுத்து, 'கள்ளக்குறிச்சி' என்று தலைப்பு மாற்றிக் கேள்வித்தாளில் போடாதீர்கள். மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினரும் சமவெளி மக்களும் அந்தப் பெரிய மாவட்டத்து மொத்தத்தில் கரைந்து கிடக்கிறார்கள். அந்தப் படத்தை வைத்து மலைப் பிள்ளையிடம் அவள் ஊரைப் பற்றிக் கேட்டால், அவளால் சரியான விடை எழுத முடியாது.