உணர்வுகளைக் கற்பிக்கும் வகுப்பு: பலன் தந்ததா என எப்படி அறிவது?

கோபத்தையும் கவலையையும் கையாளும் திறன்களை எல்லா மாணவர்களுக்கும் வகுப்பிலேயே கற்றுக்கொடுத்தால் நன்மைதானே என்று நாம் நினைக்கிறோம். ஆஸ்திரேலியாவில் 'வைஸ் டீன்ஸ்' என்ற 8 வாரப் பயிற்சியைச் சோதித்துப் பார்த்த ஆய்வு 2023இல் வெளியானது. 1,071 மாணவர்களில் ஒரு பிரிவினருக்கு இந்தப் பயிற்சி. மற்றவர்களுக்கு வழக்கமான வகுப்பு. பயிற்சி முடிந்தபோது, அதைப் பெற்றவர்களிடமே மனச்சோர்வும் பதற்றமும் கூடுதலாக இருந்தன. ஆறு மாதத்தில் அவை பெரும்பாலும் மறைந்தன. பெற்றோருடனான உறவில் ஏற்பட்ட பின்னடைவு மட்டும் நீடித்தது.

ஒப்பிட மற்றொரு பிரிவு இல்லாதிருந்தால், 'பருவ வயது, அப்படித்தான்' என்று விட்டிருப்பார்கள். நம் பள்ளி இப்படியொரு திட்டத்தைக் கொண்டுவந்தால், 'பிள்ளைகளுக்குப் பிடித்திருந்தது' என்ற பதில் நமக்குப் போதாது. பயிற்சி பெறாதவர்களோடு ஒப்பிட்டீர்களா, மாதங்கள் கழித்தும் அளந்தீர்களா, வீட்டு உறவு பற்றியும் விசாரித்தீர்களா என்று நாம் கேட்க வேண்டும்.