இன்சுலின் பேனா: '0' வந்ததும் உருவிவிடாதீர்கள்!

கம்பத்தில் திராட்சைத் தோட்ட வேலைக்குப் போகும் ஒருவருக்கு, 10 யூனிட் போடச் சொல்லி டாக்டர் முதல்முறையாக இன்சுலின் பேனா எழுதித் தந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம்.

புது ஊசியை மாட்டியதும் 2 யூனிட் திருப்பி, ஊசியை மேல்நோக்கிப் பிடித்து பட்டனை அழுத்த வேண்டும். நுனியில் சொட்டு வந்தால்தான் காற்று வெளியேறியது என்று அர்த்தம். வராவிட்டால் மறுபடி செய்யுங்கள். பிறகு 10 வைத்துக் குத்தி, முழுதாக அழுத்துங்கள்.

பலரும் தவறுவது இங்கேதான். '0' வந்ததுமே ஊசியை உருவிவிடுகிறார்கள். அழுத்தியபடியே பத்து வரை எண்ணுங்கள். தோலில் மருந்து வழிந்தால் அளவு குறைந்திருக்கும். அதற்காக இன்னொரு டோஸ் போடாமல், சர்க்கரையை அளந்து பாருங்கள். ஊசியைக் கழற்றிவிட்டே மூடி வையுங்கள்.

திறக்காத பேனா ஃபிரிட்ஜில் இருக்கட்டும், ஃப்ரீசரில் வேண்டாம். பயன்படுத்தும் பேனாவை 30 டிகிரிக்குள் நிழலில் வையுங்கள். வெயிலில் நிற்கும் பைக் பெட்டியில் வைக்கவே கூடாது.