உயில் ஒரு கேள்விக்கே விடை தரும்

வெளிநாட்டில் இறந்த உறவினரின் பணம் வங்கிக் கணக்கில் சேர்ந்து, பின்னர் வருமான வரித்துறையின் அறிவிப்பு வந்தால், பலரும் உயிலின் நகலை அனுப்பிவிட்டு அமைதியடைகின்றனர். அது போதாது என்பதே என் கருத்து.

சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 56(2)(x) பிரிவு, உயில் வழியாகவோ வாரிசுரிமையாகவோ கிடைத்த தொகையை வரிக்குரிய வருமானமாகக் கருதவில்லை. இந்தியாவில் 1985இலேயே மரபுரிமை வரி நீங்கிவிட்டது. ஆனால் அத்தொகை மரபுரிமைதான் என்று காட்ட இயலாவிடில், அது விளக்கப்படாத பணமாகிவிடும். அதே 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் 115பிபிஇ பிரிவின்படி 60 விழுக்காடு வரியும், மேல்வரியும் செஸ்ஸும் சேர்ந்து 78 விழுக்காடாக இருந்தது.

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். சிங்கப்பூரில் இறந்த தாய்மாமன் எழுதிய உயிலின்படி பாறசாலையிலுள்ள மருமகளுக்கு 40 லட்சம் ரூபாய் வருகிறது. அதிகாரி கேட்பன மூன்று: கொடுத்தவர் யார், அவரிடம் அவ்வளவு பணம் இருந்ததா, அது உண்மையாகவே இவ்வழியில்தான் வந்ததா. உயில் உரிமையை மட்டுமே நிறுவும். மாமனின் சொத்தை அந்நாட்டு நீதிமன்றம் வழங்கிய உயில் மெய்ப்பு ஆணையும் சொத்துப் பட்டியலும் காட்டும். பணம் வந்த வழியை, நிறைவேற்றுநரின் கணக்கிலிருந்து இங்குள்ள கணக்குவரை நீளும் வங்கிப் பதிவுகள் காட்டும். சிங்கப்பூர் ஆவணங்களுக்கு அப்போஸ்டில் முத்திரை பெறலாம்.

பிழை நேரும் இடங்கள் இரண்டு. வங்கி அப்பணத்தை P1301 என்னும் குடும்பப் பராமரிப்புக் குறியீட்டில் பதிந்திருந்தால், பதில் ஒன்றும் பதிவு வேறொன்றும் சொல்லும். அடுத்து, சிங்கப்பூரின் மத்திய சேமநிதித் தொகை உயிலுக்குள் அடங்காது. அது நியமனத்தின்படியே செல்லும். ஆகவே அத்தொகைக்கு உயிலைச் சான்றாக்கினால் கணக்கு பொருந்தாது.

எல்லைக் கிராமங்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. 1956இல் விளவங்கோடு சென்னை மாநிலத்தோடு சேர, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. ஒரே குடும்பத்தின் ஆவணங்கள் தமிழிலும் மலையாளத்திலும் பிரிந்து கிடக்கின்றன. கடவுச்சீட்டில் தந்தை பெயரின் தலைப்பெழுத்து, குடும்ப அட்டையில் வீட்டுப் பெயர், உயிலில் வேறோர் எழுத்துக்கூட்டல். மூன்றும் ஒருவரே என்னும் சான்றினை கிராம அலுவலகத்தில் பெற்று முதலிலேயே இணைப்பது நன்று.

முதற்கட்ட மெய்ப்பிக்கும் பொறுப்பு வரி செலுத்துவோருடையது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் உயில், மெய்ப்பு ஆணை, பணம் வந்த தடம் ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று பொருந்திய பின், பெயரின் எழுத்துக்கூட்டலைக் காரணம் காட்டி வரி விதிப்பது நியாயமன்று. அந்நிலையில், அச்சான்றுகளைத் தவறென்று காட்டும் சுமை துறையையே சாரும்.